மட்டக் குழாயும் கம்பியில் உட்கார்ந்த காக்காவும்

கரண்ட் கம்பியில் உட்காரும் காக்கா, மைனாவுக்கெல்லாம் ஏன் ஷாக் அடிப்பதில்லை? அதுகள் காலில் ரப்பர் மாதிரி ஏதாவது இருக்கிறதா? என் எட்டு வயதுப் பையன் விடாமல் கேட்கிறான். அவனுக்குச் சொல்கிற மாதிரி ஒரு கதையாக யாராவது சொல்லுங்களேன்.

*

போன மே மாதம் என் பேத்தியும் இதையேதான் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. சென்னையில் படிக்கிறாள், லீவுக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். நான் 1983-ல் மின்வாரியத்தில் கூலி ஆளாகக் குழி வெட்டப் போய், ஹெல்ப்பர், வயர்மேன் என்று ஏறி, 2017-ல் லைன்மேனாக ஓய்வு பெற்றவன். அவளுக்கு நான் சொன்னதையும் மறுநாள் காலையில் நடந்ததையும் அப்படியே எழுதுகிறேன். பையனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே வயல். வயல் வரப்பை ஒட்டி 11 கேவி லைன் போகிறது. ஹெச்டி லைன் என்போம். பொழுது சாய்கிற நேரத்தில் அதில் கரிச்சான் வந்து உட்காரும், மைனா உட்காரும், அப்புறம் காக்காக் கூட்டம். அன்றைக்குப் பத்துப் பதினைந்து காக்கா வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"தாத்தா, அந்தக் கம்பியில இப்ப கரண்ட் இருக்கா?"

"இருக்கு. பதினோராயிரம் வோல்ட்."

"அப்ப காக்கா ஏன் சாகல? கம்பி மேல பிளாஸ்டிக் சுத்தியிருக்கா?"

உள்ளே போய் என் பழைய டூல்ஸ் பையிலிருந்து ஒரு சாண் கம்பித் துண்டை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். அதே லைனில் ஓடுகிற கம்பிதான். நடுவில் ஒரு எஃகு இழை, அதைச் சுற்றி ஆறு அலுமினிய இழை, கயிறு முறுக்கியது போல இருக்கும். ஒவ்வொரு இழையும் 3.35 மில்லிமீட்டர் கனம். இந்த அளவுக் கம்பிக்கு 'ரேபிட்' என்று பெயர். இதைவிடச் சின்னது 'வீசல்', பெரியது 'டாக்'. கம்பிக்கெல்லாம் மிருகத்தின் பெயர் என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேலே உறை ஒன்றும் இல்லை, வெறும் உலோகம். காக்காவின் காலிலும் ரப்பர் கிடையாது. தோலும் நரம்பும் எலும்பும்தான். கரண்ட் போக வழி கிடைத்தால் அந்தக் கால் வழியாகத் தாராளமாகப் போகும்.

"பின்ன எப்படி?"

வீட்டில் போன வருஷம் கொத்தனார் வேலை நடந்தபோது வாங்கிய மட்டக் குழாய் மிச்சம் இருந்தது. கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூப், அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு சுவரும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதுதான். பாதிக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு முனையை அவள் கையில் கொடுத்தேன், மறுமுனையை நான் பிடித்தேன்.

"ரெண்டு முனையும் ஒரே உயரத்துல இருக்கு. தண்ணி ஓடுதா?"

"இல்ல."

"மேல தூக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து தூக்குவோம். மொட்டை மாடிக்கே கொண்டு போனாலும் சரி. ஓடுமா?"

யோசித்துவிட்டு, "ஓடாது, ரெண்டும் சமமா இருக்குல்லா" என்றாள். ஊருக்கு வந்து நாலு நாளில் 'லா' ஒட்டிக்கொண்டிருந்தது.

"சரி, இப்ப உன் முனையைக் கீழ இறக்கு."

இறக்கினாள். தண்ணீர் அவள் கையில் கொட்டியது, பாவாடை நனைந்தது.

வோல்ட் என்பது உயரம் மாதிரி என்று சொன்னேன். பதினோராயிரம் வோல்ட் என்பது பெரிய உயரம்தான். ஆனால் காக்காவின் இரண்டு காலும் அந்த ஒரே கம்பியில் இருக்கின்றன. வலது காலும் அதே உயரத்தில், இடது காலும் அதே உயரத்தில். காக்காவின் உடம்பு முழுவதும் அந்த உயரத்துக்குப் போய்விடுகிறது. மொட்டை மாடியில் சமமாகப் பிடித்த குழாய் போலத்தான் அது. உயரம் எவ்வளவு என்பது கொல்வதில்லை. இரண்டு முனைக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கொல்கிறது. நாம் தரையில் நின்று கம்பியைத் தொட்டால், ஒரு முனை மாடியில், மறுமுனை தரையில். நடுவில் குழாயாக நம் உடம்பு.

இந்த இடத்தில் பெரியவர்கள் பலர் 'புரிந்துவிட்டது' என்று எழுந்து போய்விடுவார்கள். அவள் போகவில்லை.

"தாத்தா, கம்பியில கரண்ட் சும்மா நிக்கலல்லா? ஓடிக்கிட்டுத்தான இருக்கு. ஓடுறதுல கொஞ்சம் பிரிஞ்சு இந்தக் கால் வழியா ஏறி அந்தக் கால் வழியா இறங்காதா?"

நல்ல கேள்வி. சொல்லப்போனால் சரியான கேள்வியே இதுதான். ஏனென்றால் பதில் 'ஏறும்' என்பதுதான். 'காக்கா வழியாகக் கரண்ட் போகவே போகாது' என்று பிள்ளைகளிடம் சொல்வது தப்பு. போகும், ஆனால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.

ரேபிட் கம்பி ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.54 ஓம் தடை கொடுக்கும். காக்காவின் இரண்டு காலுக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் என்று வைப்போம். ஒரு கிலோமீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் என்பது இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் அந்தத் துண்டுக் கம்பியின் தடை 0.000027 ஓம். லைனில் 100 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஊர் மாதிரி ஊருக்குப் போகும் லைனுக்கு அது நல்ல லோடுதான். பெருக்கினால், காக்காவின் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவே இருக்கும் வோல்டேஜ் 0.0027.

டிவி ரிமோட்டிலிருந்து பென்சில் பேட்டரியைக் கழற்றிக் காட்டினேன். இதில் ஒன்றரை வோல்ட். காக்காவின் காலுக்கு நடுவே இருப்பதைப் போல ஐந்நூறு மடங்குக்கும் மேல். இந்த பேட்டரியை இரண்டு விரலால் பிடித்தால் உனக்கு ஏதாவது தெரிகிறதா என்றேன். தெரியவில்லை. காக்காவின் உடம்புத் தடையை ஆயிரம் ஓம் என்று குறைத்தே வைத்தாலும், கால் வழியாக ஏறி இறங்கும் கரண்ட் ஒரு ஆம்பியரைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் மூன்று துண்டுகூட வராது. நமக்கு விரலில் சுருக்கென்று தெரியவே அதைப் போல முந்நூறு மடங்குக்கு மேல் வேண்டும்.

நெடுஞ்சாலை ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை பிரிந்து, முள்ளுக்குள் சுற்றிவிட்டு, அஞ்சு அடி தள்ளி மறுபடி அதே சாலையில் சேர்கிறது. அதில் எந்த லாரி போகும்? மொத்தமும் சாலை வழியேதான் போகும். அந்த ஐந்து சென்டிமீட்டர் அலுமினியம்தான் சாலை, காக்கா முள்ளுப்பாதை.

கணக்கைப் பார்த்துவிட்டு அவள் நேராக, நான் பயந்துகொண்டிருந்த இடத்துக்கே வந்தாள்.

"அப்ப நானும் குதிச்சு ஒத்தக் கம்பியைப் பிடிச்சுத் தொங்கினா எனக்கும் ஒண்ணும் ஆகாதா?"

உங்கள் பையனும் இதைக் கேட்பான். பொய் சொல்லாதீர்கள், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். நான் அவளிடம், "கம்பிக்கு எப்படிப் போவே?" என்று திருப்பிக் கேட்டேன். காக்கா வானத்திலிருந்து பறந்து வருகிறது. தரையோடு அதற்குத் தொடர்பு அறுந்த பிறகுதான் கம்பியைத் தொடுகிறது. நீ ஏணி வைத்து ஏறினால் ஏணி தரையில் நிற்கிறது. மரத்தில் ஏறினால் மரம் தரையில் நிற்கிறது, பச்சை மரம் கரண்ட்டைக் கடத்தும். போஸ்ட்டில் ஏறினால் உன் கால் அதன் குறுக்கே இருக்கும் இரும்புச் சேனலில் இருக்கும், அது எர்த் செய்யப்பட்டது, தரையோடு இணைத்தது. உனக்கு இறக்கை இல்லை, நீ எந்த வழியில் போனாலும் தரையையும் கூடவே கொண்டு போகிறாய். ஹெச்டி லைனில் தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் போனாலே தாவும்.

எங்கள் பக்கம் நான் பார்த்த சாவுகளில் மறக்க முடியாதவை தேங்காய் பறிக்கவும் முருங்கைக்காய் பறிக்கவும் போனவர்களுடையது. மூங்கில் தொரட்டிக்குப் பதிலாக நீளமான இரும்புக் குழாயோ அலுமினியக் குழாயோ வைத்திருப்பார்கள். லேசாக இருக்கிறது, வளையாது என்று வாங்குவது. அண்ணாந்து காயைப் பார்க்கிற கண்ணுக்குப் பின்னால் போகிற கம்பி தெரியாது. குழாய் சாய்ந்து லைனைத் தொடும். காலில் செருப்பு இருந்தாலும் பதினோராயிரம் வோல்ட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மனுஷன் காக்கா மாதிரி ஆகிற வேலை ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்பதையும் சொன்னேன். 230 கேவி, 400 கேவி டவர் லைனில் கரண்ட்டை நிறுத்தாமலே வேலை பார்க்கும் ஹாட்லைன் ஆட்கள் உண்டு. அதற்கென்று பெங்களூரில் பயிற்சி நிலையமே இருக்கிறது. கரண்ட் கடத்தாத ஏணியிலோ தொட்டிலிலோ அவர்களைத் தரையிலிருந்து பிரித்துக் கம்பிக்குக் கொண்டுபோவார்கள். உலோக நூல் கலந்த உடுப்பைத் தலையிலிருந்து கால் வரைக்கும் போட்டிருப்பார்கள். கம்பியை நெருங்கியதும் முதலில் உடுப்போடு இணைத்த ஒரு உலோகக் கோலைக் கம்பியில் மாட்டுவார்கள். அந்த நொடியில் படபடவென்று பொறி தெறிக்கும், மனுஷன் கம்பியின் உயரத்துக்கு ஏறுகிறான். அதற்குப் பிறகு காக்கா மாதிரி உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நான் அந்த வேலை பார்த்தவனில்லை. லைனை நிறுத்தி, எர்த் போட்டு ஏறுகிற ஆள்தான் நான்.

இதில் ஒரு விசேஷம். கயத்தாறு பக்கம் போனால் பெரிய டவர் லைன்களைப் பார்க்கலாம். அங்கே காக்கா எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். கரண்ட் போகும் தடித்த கம்பியில் அநேகமாக உட்காராது. டவர் உச்சியில் மெல்லிசாக ஒரு கம்பி போகும். இடியைத் தாங்குவதற்காக வைத்த எர்த் கம்பி அது, அதில்தான் உட்காரும். வோல்டேஜ் அவ்வளவு அதிகமானால் கம்பியைச் சுற்றியிருக்கும் காற்றிலேயே அதன் வேகம் தெரியும். நம் ஊர் கரண்ட் ஒரு நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாக மாறுவது. பறவையின் உடம்பும் கம்பியோடு சேர்ந்து ஐம்பது முறை நிரம்பி வடிய வேண்டும். 11 கேவியில் இது அதற்கு உறைக்காது. 400 கேவியில் சிறகெல்லாம் சிலிர்த்து, உட்கார முடியாமல் எழுந்துவிடும்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "காக்காவுக்கு ஷாக்கே அடிக்காது ஆச்சி, ரெண்டு காலும் சமம்" என்று பாட்டிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நானும் திருத்தாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரை மணி இருக்கும். பட்டாசு வெடித்தது போல ஒரு 'டப்'. உடனே எங்கள் வீட்டு ஃபேன் நொண்ட ஆரம்பித்தது. டியூப் லைட் எரியவில்லை. குண்டு பல்பு சிவப்பாக முனகியது. எதிர்வீட்டில் மட்டும் லைட் நன்றாக எரிகிறது.

பாயிலிருந்து எழும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, டிரான்ஸ்பார்மரில் ஹெச்டி பக்கம் ஒரு ஃப்யூஸ் போயிருக்கிறது. வீட்டுப் பக்கம், அதாவது எல்டி பக்கம், ஒரு ஃப்யூஸ் போனால் அந்த ஃபேஸில் இருக்கும் வீடுகள் சுத்தமாக இருட்டாகிவிடும், மற்றவை நன்றாக இருக்கும். மேலே 11 கேவி பக்கம் ஒன்று போனால் அப்படி இல்லை. மூன்றில் ஒரு ஃபேஸ் சரியாக இருக்கும், மற்ற இரண்டும் பாதி வோல்டேஜுக்கு இறங்கிவிடும். ஊரில் ஒரு பங்கு வீடு பளிச்சென்றும் இரண்டு பங்கு வீடு மங்கலாகவும் இருந்தால், மேலே ஏறித்தான் பார்க்க வேண்டும். பாதி வோல்டேஜில் ஃபிரிட்ஜும் மோட்டாரும் காந்திப்போகும், உடனே மெயினை அணைத்துவிட வேண்டும். அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

டிரான்ஸ்பார்மர் எங்கள் தெருமுனையில் இருக்கிறது. நூறு காக்காவாவது இருக்கும், வட்டமடித்துக் கத்திக்கொண்டிருந்தன. எனக்கு முன்னாலேயே பேத்தி அங்கே போய் நின்றிருந்தாள். வேலிக்கு வெளியே மண்ணில் ஒரு காக்கா செத்துக் கிடந்தது.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "சாகாதுன்னு சொன்னீங்கல்லா தாத்தா."

எனக்குச் சுருக்கென்றது. பாதி சொன்னால் இப்படித்தான் ஆகும். அவளைப் பத்தடி பின்னால் இழுத்து நிறுத்தினேன். மேலே என்ன தொங்குகிறது என்று தெரியாமல் டிரான்ஸ்பார்மர் அடியில் போய் நிற்கக் கூடாது. வயர்மேன் தம்பிக்குப் போன் செய்தேன். அவர் வரும்வரை தூரத்தில் நின்றே அவளுக்குக் காட்டினேன்.

"நேத்து காக்கா எங்க உக்காந்திருந்தது?"

"கம்பியில, வயல் நடுவுல."

"அங்க சுத்தி என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. காத்துதான்."

"இப்ப இங்க பாரு."

இரண்டு போஸ்ட், அதற்குக் குறுக்கே இரும்புச் சேனல்கள். அதன் மேல் சாம்பல் நிறத் தொட்டியாக டிரான்ஸ்பார்மர். தொட்டியின் தலையில் மூன்று பீங்கான் குமிழ்கள் நிற்கும். புஷிங் என்போம். ஒவ்வொன்றின் உச்சியிலும் மேலேயிருந்து இறங்கும் கம்பி மாட்டியிருக்கும், அது ஜம்பர். ஜம்பரில் பதினோராயிரம். தொட்டியும் சேனலும் எர்த், அதாவது தரை. மாடிக்கும் தரைக்கும் நடுவே இருப்பது ஒரு சாண் உயரப் பீங்கான்தான். லைனில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்கும், காக்கா இறக்கையை முழுதாக விரித்தாலும் எட்டாது. இங்கே இறக்கை வேண்டாம், அலகே போதும்.

"அது தொட்டி மேல நின்னுச்சு. அங்கே நின்னா தப்பில்ல, தரையில நிக்கிற மாதிரிதான். நின்னுக்கிட்டே ஜம்பரைக் கொத்தியிருக்கு."

"ஒரு முனை மேல, ஒரு முனை கீழ" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

வயர்மேன் வந்தார். டிரான்ஸ்பார்மருக்கு வரும் லைனைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்சை இறக்கி, அதன் மூன்று கத்தியும் விலகிவிட்டதா என்று அண்ணாந்து பார்த்து, பூட்டுப் போட்டு, எர்த் ராடு மாட்டிவிட்டுத்தான் ஏறினார். எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது. ஸ்விட்சை இறக்கியதோடு ஏறிவிடுகிற அவசரம் ஆளைக் கொன்றிருக்கிறது. ஒரு கத்தி விலகாமல் ஒட்டியே இருக்கும், அல்லது ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் திருப்பி ஊட்டும். எர்த் ராடு என்பது நாமே மூன்று கம்பியையும் தரையோடு கட்டிவிடுவது. அதற்குப் பிறகு எங்கிருந்து கரண்ட் வந்தாலும், கம்பியும் கையும் சேனலும் ஒரே மட்டம். காக்கா கம்பியின் உயரத்துக்கு ஏறிப் பிழைக்கிறது, நாங்கள் கம்பியை எங்கள் உயரத்துக்கு இறக்கிப் பிழைக்கிறோம்.

ஃப்யூஸ் கம்பி ஒன்று எரிந்து போயிருந்தது. எங்கள் டிரான்ஸ்பார்மர் 100 கேவிஏ. முழு லோடிலும் ஹெச்டி பக்கம் ஐந்தேகால் ஆம்பியர்தான் ஓடும். அதனால் மேலே போடுகிற ஃப்யூஸ் கம்பி மெல்லிசாகத்தான் இருக்கும். காக்கா வழியாகப் பாய்ந்தது அதைப் போலப் பல மடங்கு, அதனால்தான் அந்த 'டப்'. கம்பியை மாற்றிவிட்டு, கையோடு மூன்று ஜம்பரிலும் ஸ்லீவ் ஏற்றச் சொன்னேன். வண்டியில் வைத்திருந்தார், ஏற்றினார். உறை போட்ட ஜம்பரைக் காக்கா கொத்தினாலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். இதை எல்லா டிரான்ஸ்பார்மரிலும் செய்ய வேண்டும் என்று நான் வேலையில் இருந்த காலத்திலிருந்தே சொல்லி வருகிறேன். பறவைக்கு மட்டுமில்லை, ஊருக்கும் கரண்ட் போகாது.

லைன் செத்திருக்கும்போதே காக்காவைக் குச்சியால் புரட்டிப் பார்த்தோம். அலகின் நுனி கருகியிருந்தது. ஒரு காலில் நகத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு பொத்தல். வேறு காயம் இல்லை. இரண்டு அடையாளம் பெரும்பாலும் இருக்கும், கரண்ட் வந்த இடம் ஒன்று, போன இடம் ஒன்று. பேத்தி அதைக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் நாங்கள் வேப்பமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தோம்.

மயிலுக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் வேறு ஆபத்து. மயில் பெரிய பறவை, போஸ்ட்டை ஒட்டி இறங்கும்போது இரண்டு கம்பியை எட்டிவிடும். வௌவால் கம்பியில் தலைகீழாகத் தொங்கி இறக்கையை விரித்தால் நாலு அடிக்கு மேல் வரும், அதன் இறக்கையோ வெறும் தோல். காக்காவுக்குக் காய்ந்த சிறகு ஓரளவு காவல், மழையில் நனைந்தால் அதுவும் போய்விடும். உங்கள் பையனிடம் பறவை சாகாது என்று சொல்லாதீர்கள், நடுக்கம்பியில் சாகாது என்று சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் அவளே அடுத்த கேள்வியோடு வந்தாள். "அறுந்து தரையில விழுந்த கம்பி? தரையும் அதுவும் ஒண்ணாயிருமா?"

இதை நான் சொல்லாமல் விட்டிருந்தால் பாதிதான் சொன்னதாகும். ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் மாடு சாவது இப்படித்தான். கம்பி அறுந்து வயலில் விழுந்தால் ஃப்யூஸ் போய்விடும், சப்ஸ்டேஷனில் டிரிப் ஆகிவிடும் என்று நினைப்பார்கள். பல சமயம் ஆகும். ஆனால் காய்ந்த மணலிலோ கல்தரையிலோ விழுந்தால் போதுமான கரண்ட் இழுக்காது, லைன் உயிரோடு அப்படியே கிடக்கும். பொறிகூடப் பறக்காது. விழுந்த இடத்தில் மண்ணே வோல்டேஜில் நிற்கும். ஒவ்வொரு அடி தள்ளத் தள்ள அது குறையும். குன்று மாதிரி நினைத்துக்கொள், கம்பி கிடக்கும் இடம் உச்சி, சுற்றிலும் சரிவு.

அந்தச் சரிவில் நீ ஒரு எட்டு வைத்தால் முன்கால் ஒரு உயரத்தில், பின்கால் வேறு உயரத்தில். காக்காவுக்கு இரண்டு காலுக்கும் நடுவே பேட்டரியில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை என்று கணக்குப் போட்டோமே, இங்கே ஒரு எட்டுக்கு நடுவே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கலாம். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஐந்தடி. நமக்குக் கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்குவது, மாட்டுக்கு நெஞ்சு வழியாகப் போகும். அதனால்தான் கூட வந்த ஆள் பிழைத்து மாடு விழும். மாடு விழுந்ததென்று ஓடிப்போய்த் தூக்குகிற ஆளும் அங்கேயே விழுவார்.

கம்பி கிடப்பதைப் பார்த்தால் முப்பது நாற்பது அடிக்கு உள்ளே போகாதே, வேறு யாரையும் விடாதே, பெரியவர்களிடம் சொல்லி மின்வாரியத்துக்குப் போன் செய்யச் சொல். தெரியாமல் ஏற்கெனவே கிட்டே போய்விட்டால் ஓடக் கூடாது. இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, தரையை விட்டு எடுக்காமல், இம்மி இம்மியாகத் தேய்த்துக்கொண்டே வெளியே வர வேண்டும். "காக்கா மாதிரி ரெண்டு காலும் பக்கத்துல பக்கத்துல" என்று அவளே சொன்னாள்.

மறுநாள் காலையில் அவள் அம்மாவிடமிருந்து போன். திண்ணைக்கு வந்து பார்த்தால் முற்றத்தில் கொடிக்கயிறு ஒன்று கோணலாகக் கிடக்கிறது. பேத்தி பாதம் இரண்டையும் ஒட்டி வைத்து, மண்ணைத் தேய்த்துக்கொண்டே அதிலிருந்து விலகி வந்துகொண்டிருந்தாள். கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்த என் வீட்டுக்காரி, "என்ன பிள்ள பண்ணுத?" என்றாள்.

"ஆச்சி, அங்கேயே நில்லுங்க. கம்பி கிடக்கு."